சிரித்தால் விழும் குழியும் தையலில் விழும் குழியும்

கன்னக்குழி உள்ள ஒருவரை அவர் எதையோ யோசித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்போது கன்னத்தில் எதுவும் தெரியாது. யாரோ ஏதோ சொல்ல, உதடு விரியத் தொடங்கும்போதுதான் அந்த இடம் உள்ளே இழுபடும். சிரிப்பு அடங்கியதும் கன்னம் பழையபடி சமமாகிவிடும். தீபிகா படுகோனேவோ ப்ரீத்தி ஜிந்தாவோ சிரிக்கும்போது நம்மைக் கவர்வது குழியின் ஆழம் மட்டுமல்ல, அது வந்து போகும் விதமும்தான். இயற்கையான கன்னக்குழி ஓர் அசைவு. கன்னக்குழி வைத்துக்கொள்ளும் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிக்கும் எவரும் முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான். சிகிச்சைக்குப் பிறகு வருந்துகிறவர்களில் பலருக்கு, இந்த அசைவு எங்கிருந்து வருகிறது என்று முன்பே யாரும் சொல்லியிருப்பதில்லை.

கன்ன எலும்பிலிருந்து வாயோரத்துக்குச் சாய்வாக இறங்கும் தசை ஒன்று உண்டு. ஜைகோமேட்டிகஸ் மேஜர் என்பது அதன் பெயர். சிரிக்கும்போது வாயோரத்தை மேலே தூக்குவது இதுதான் என்பதால், இங்கே சிரிப்புத் தசை என்றே சொல்வோம். பெரும்பாலானவர்களுக்கு இது ஒரே பட்டையாக இருக்கும். சிலருக்கு வழியில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை வாயோரத்துக்கு மேலும் இன்னொன்று கீழும் போய்ச் சேரும். கீழ்க்கிளை போகிற வழியில் தோலின் அடிப்பகுதியோடு ஒட்டிக்கொண்டிருந்தால், தசை சுருங்கும்போது அந்த இடத்துத் தோலையும் சேர்த்து இழுக்கும். அதுதான் குழி. 1998-ல் வெளியான ஓர் உடற்கூறு ஆய்வில், சடலங்களின் 50 முகப்பாதிகளைத் திறந்து பார்த்தார்கள். அவற்றில் 17-ல் இந்தத் தசை இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆக இது அபூர்வமான அமைப்பு அல்ல. நோயும் அல்ல. கன்னக்குழி உள்ளவரின் உடம்பில் எந்தக் குறையும் இல்லை, இல்லாதவரின் உடம்பிலும் இல்லை.

வெளியிலிருந்து அழுத்தி இந்தக் குழியைக் கொண்டுவர முடியுமா என்று வெகுகாலமாகவே முயன்றிருக்கிறார்கள். பெர்லினைச் சேர்ந்த மார்ட்டின் கோட்ஸே 1896-ல் இதற்கென ஒரு கருவிக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். ஒரு சிறு குமிழைக் கன்னத்தில் ஊன்றி, அதைச் சுற்றியுள்ள தோலைத் தேய்த்துவிடும் ஏற்பாடு அது. 1936-ல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த இசபெல்லா கில்பர்ட், முகத்தில் மாட்டிக்கொள்ளும் கம்பி வில் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் இரு முனைகளிலும் இருந்த சிறு குமிழ்கள் கன்னத்தை அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டாலும் நிலையான குழி வந்துவிட வழியில்லை. தோலை எவ்வளவு நேரம் அழுத்தினாலும், அதை உள்ளே பிடித்து வைத்திருக்க எதுவும் இல்லாவிட்டால் அது மேலே எழும்பிவிடும். இன்றைக்கும் பேனா மூடியையோ விரலையோ கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொள்ளச் சொல்லும் வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. கன்னம் சிவப்பதைத் தவிர அவற்றால் ஒன்றும் நடக்காது.

அறுவை சிகிச்சை செய்வது அந்த உள்பிடிப்பை உண்டாக்கும் வேலையை. மெத்தை தைப்பவர் மேல்துணியையும் அடித்துணியையும் நடுவில் ஒரு முடிச்சால் பிணைத்ததும் அந்த இடம் பள்ளமாவது போல, கன்னத் தோலின் அடிப்பகுதியை உள்ளே இருக்கும் தசையோடு பிணைக்கிறார்கள். ஆனால் பிணைப்பது சிரிப்புத் தசையோடு அல்ல. கன்னத்தின் உட்சுவராக அமைந்திருக்கும் பக்ஸினேட்டர் என்ற தட்டையான தசையோடு. உறிஞ்சிக் குடிக்கவும், பலூன் ஊதவும், சோற்றைப் பல்லுக்கு அடியில் தள்ளவும் நமக்கு உதவுவது இந்தத் தசை. ஆகவே செய்து வைத்த குழி, பிறவியில் வந்த குழியின் நகல் அல்ல. இழுக்கும் தசை வேறு, பிடிப்பு உருவான விதமும் வேறு. நல்ல கையில் செய்தால் சிரிக்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். ஆனால் உள்ளே நடப்பது ஒன்றல்ல.

எந்த இடத்தில் குழி வைப்பது என்பதற்கு சிங்கப்பூர் அறுவை மருத்துவர் கூ பூ சாய் 1962-ல் எழுதிய கட்டுரையில் சொன்ன கணக்கு இன்றும் பயன்படுகிறது. கண்ணின் வெளி ஓரத்திலிருந்து நேர்கீழாக ஒரு கோடு. வாயோரத்திலிருந்து காதுப் பக்கமாகப் படுக்கையாக ஒரு கோடு. இரண்டும் வெட்டும் புள்ளிதான் இடம். இது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒவ்வொரு முகத்துக்கும் சற்று நகர்த்த வேண்டியிருக்கும். அனுபவம் உள்ள மருத்துவர் கன்னத்தை உள்ளே உறிஞ்சச் சொல்லி, தோல் இயல்பாகக் குழியும் இடத்தைப் பார்ப்பார். பிறகு சிரிக்கச் சொல்வார். ஒரு கன்னத்தில் மட்டும் ஏற்கெனவே குழி இருந்தால், மறுபக்கத்தை அதன் உயரத்துக்கு ஒத்துப் பார்ப்பார்.

இந்தக் குறியைச் சிகிச்சை பெறுபவர் உட்கார்ந்திருக்கும்போதுதான் போட வேண்டும். மேசையில் படுத்ததும் கன்னம் காதுப் பக்கமாகச் சரிந்துவிடும். மரத்துப்போகும் ஊசி போட்டதும் திசு மருந்தால் உப்பிவிடும். இரண்டில் எதற்குப் பின்னால் குறி போட்டாலும், நிமிர்ந்து உட்காரும்போது குழி வேறெங்கோ இருக்கும். சில மில்லிமீட்டர் விலகல் என்பது காகிதத்தில் ஒன்றுமில்லை. முகத்திலோ எதிரே இருப்பவர் பார்த்ததும் ஏதோ ஒத்துவரவில்லை என்று உணர அது போதும். அடையாளம் போட்ட பிறகு கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து, "இந்த இடம்தான், சரியா?" என்று கேட்பது முறை. அப்படிக் கேட்காமல் நேராக ஊசியை எடுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம் என்பது என் கருத்து.

அடுத்து நடப்பது அரை மணி நேர வேலை. பொதுவாக மயக்கம் கொடுப்பதில்லை. வாயைக் கிருமிநாசினியால் கழுவிவிட்டு, கன்னத்தில் ஒன்றிரண்டு மில்லிலிட்டர் லிக்னோகெய்ன் போடுவார்கள். ரத்தக்கசிவு குறைய அதில் அட்ரினலின் கலந்திருக்கும். தோலில் போட்ட குறியை வாய்க்குள்ளே கொண்டுபோக, ஒரு மெல்லிய ஊசியை வெளியிலிருந்து நேராகக் குத்தி உட்பக்கம் வரவைப்பார்கள். அது வெளிவரும் இடம்தான் உள்ளே வேலை செய்ய வேண்டிய இடம். அங்கே பயாப்ஸி பஞ்ச் என்ற சின்ன வட்டக் கத்தியை வைத்துத் திருகுவார்கள். தோல் மருத்துவர்கள் சதைத் துணுக்கு எடுக்கப் பயன்படுத்தும் அதே கருவி. உட்தோலையும் கொஞ்சம் கொழுப்பையும் பக்ஸினேட்டர் தசையில் ஒரு சிறு வட்டத்தையும் அது வெட்டி எடுக்கும். வெளித்தோலைத் தொடக் கூடாது. அதற்காக மருத்துவரின் இன்னொரு கை விரல் வெளியே கன்னத்தின் மேல் இருக்கும். கத்தியின் முனை எவ்வளவு அருகே வந்துவிட்டது என்று சொல்வது அந்த விரல்தான்.

பிறகு தையல். உள்ளே திறந்த துளையின் ஒரு பக்கத் தசையில் ஊசியை ஏற்றி, தோலின் அடிப்படலத்தில் சில மில்லிமீட்டர் கவ்வி, மறுபக்கத் தசை வழியாக வெளியே எடுத்து, வாய்க்குள் முடிச்சுப் போடுவார்கள். முடிச்சு இறுகும்போதே வெளியே குழி விழுவதைப் பார்க்கலாம். முகத்தின் வெளிப்பக்கத்தில் வெட்டுத் தழும்பு எதுவும் இருக்காது. திசுவை வெட்டி எடுக்காமல் தையல் மட்டும் போடும் முறைகளும் உண்டு. சிலர் கரையும் நூலைப் பயன்படுத்துவார்கள், சிலர் கரையாத நூலை.

இங்கேதான் விளம்பரங்கள் விட்டுவிடும் செய்தி இருக்கிறது. குழியை நிலைநிறுத்துவது நூல் அல்ல. கரையும் நூல் சில வாரங்களில் வலுவிழந்து, சில மாதங்களில் மறைந்துபோகும். கரையாத நூலும் நாளடைவில் திசுவை அறுத்துக்கொண்டு தளர்ந்துவிடலாம். அதற்குள் வெட்டுப்பட்ட தசைக்கும் தோலின் அடிப்படலத்துக்கும் நடுவே தழும்புத் திசு வளர்ந்து இரண்டையும் ஒட்டவைத்திருக்க வேண்டும். நூல், அதுவரை இரண்டையும் பக்கத்தில் பிடித்து வைக்கும் தற்காலிகக் கட்டு. ஆக, கன்னக்குழி சிகிச்சையில் ஒருவர் பெறுவது கன்னத்துக்குள் வேண்டுமென்றே உண்டாக்கிய ஒரு தழும்பு. தழும்பு ஒவ்வொரு உடம்பிலும் ஒவ்வொரு மாதிரி உருவாகும். ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருக்கு ஒரே இடத்தில் வெட்டுக்காயம் பட்டால், ஒருவருக்குக் கோடு மங்கிவிடும், இன்னொருவருக்குத் தடித்து நிற்கும். மருத்துவர் தையலின் இடத்தையும் ஆழத்தையும் தீர்மானிக்கலாம். தழும்பு எவ்வளவு வலுவாக வளரும் என்பதை எந்த மருத்துவராலும் உறுதி கூற முடியாது.

நிலைக்குமா என்ற கேள்விக்கான பதிலும் இதிலிருந்தே வருகிறது. தழும்பு நன்றாகப் பிடித்தால் குழி பல ஆண்டுகள் இருக்கும். தையல் தோலின் அடிப்படலத்தைப் போதுமான அளவு கவ்வாமல் வெறும் கொழுப்பை மட்டும் கவ்வியிருந்தாலோ, தழும்பு பிடிப்பதற்கு முன்பே நூல் நழுவிவிட்டாலோ, மூன்றாம் மாதத்துக்குள் கன்னம் பழையபடி தட்டையாகிவிடும். இப்படிக் குழி மறைந்துபோவது இந்தச் சிகிச்சையில் அடிக்கடி கேட்கும் குறைகளில் ஒன்று. மறுபடி செய்துகொள்ளலாம், ஆனால் இரண்டாவது முறை உள்ளே ஏற்கெனவே தழும்பு இருப்பதால் கணிப்பது இன்னும் கடினம். "வாழ்நாள் முழுக்க" என்று எழுதியிருக்கும் விளம்பரத்தை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தச் சிகிச்சை பற்றி மருத்துவ இதழ்களில் வரும் கட்டுரைகள், சிகிச்சை பெற்றவர்களைப் பெரும்பாலும் சில மாதங்கள் முதல் ஓரிரு ஆண்டுகள் வரைதான் பின்தொடர்ந்திருக்கின்றன. 25 வயதில் வைத்த குழி 55 வயதில் எப்படி இருக்கும் என்று அவற்றைக் கொண்டு சொல்லிவிட முடியாது. வயதாகும்போது கன்னக் கொழுப்பு குறையும், தோல் தொய்யும். பிறவிக் குழிகளே சிலருக்கு நடுவயதில் நீண்டு கோடாகிவிடுகின்றன. தழும்பால் பிடிக்கப்பட்ட குழிக்கு அந்த விதியிலிருந்து விலக்கு இருக்கக் காரணம் இல்லை.

கல்யாணத்துக்கு முன் ஒரு மாதம்

வருத்தம் எங்கே தொடங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, நம் ஊரில் எளிதாக நடக்கக்கூடிய ஒரு நிலையை எண்ணிப் பார்ப்போம். 26 வயதுப் பெண். தை மாதம் 20-ஆம் தேதி கல்யாணம். செல்போன் ஃபில்டரில் கன்னக்குழியோடு தன் முகத்தைப் பார்த்துப் பிடித்துப்போய், மார்கழிக் கடைசி வாரம் ஒரு கிளினிக்கில் இரண்டு கன்னத்திலும் வைத்துக்கொள்கிறாள். "அரை மணி நேரம்தான்மா, மறுநாளே வேலைக்குப் போகலாம்" என்று சொல்கிறார்கள். அது பொய்யும் அல்ல.

முதல் மூன்று நாள் கன்னம் வீங்கியிருக்கும். உப்புநீரோ மவுத்வாஷோ கொண்டு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் வாய் கொப்பளிக்க வேண்டும். காரக்குழம்பும் ஊறுகாயும் எரியும், முறுக்கு குத்தும். ரசம் சாதமும் இட்லியும் ஒரு வாரம் ஓடும். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கைத் தவறாமல் முடிக்கிறாள். ஒரு வாரத்தில் வீக்கம் வடிகிறது. இவ்வளவும் எதிர்பார்த்தபடியே.

எதிர்பாராதது அதற்குப் பிறகு. வீக்கம் வடிந்ததும் குழி தெளிவாகத் தெரிகிறது. ஆனால் சிரிக்கும்போது மட்டுமல்ல. சிரிக்காதபோதும் தெரிகிறது. அழும்போது, தூங்கும்போது, கோபத்தில் இருக்கும்போது, எப்போதும். கன்னத்தில் இரண்டு விரல் நுனி அழுத்திவிட்டு எடுக்க மறந்த மாதிரி. முடிச்சு இன்னும் இறுக்கமாக இருக்கிறது. திசு தளரவில்லை. மருத்துவர்கள் இதை நிலைத்த கட்டம் என்பார்கள். நூல் தளர்ந்து தழும்பு மென்மையாகும்போதுதான் குழி அசைவோடு வந்து போகத் தொடங்கும். அதற்குச் சில வாரங்கள் முதல் இரண்டு மூன்று மாதங்கள் வரை ஆகும். அந்தப் பெண்ணின் தாலிகட்டு இந்தக் கட்டத்தின் நடுவில் விழுகிறது. மணவறையில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் படத்திலும் இரு கன்னத்திலும் பள்ளம். "கன்னத்துல என்ன ஆச்சுடி?" என்று அத்தை கேட்கிறாள். ஊருக்கெல்லாம் சொல்லாமல் செய்துகொண்டது அந்த ஒரு கேள்வியில் வெளியே வந்துவிடுகிறது.

சித்திரையில் அவளுக்குக் குழி அழகாக அமைந்துவிடலாம். பலருக்கு அமைகிறது. ஆனால் கல்யாண ஆல்பம் தையில் எடுத்தது. ஏதேனும் விசேஷத்தை முன்னிட்டு இதைச் செய்துகொள்ள நினைப்பவர்கள் குறைந்தது மூன்று மாதம், முடிந்தால் ஆறு மாதம் முன்பே செய்ய வேண்டும். இதைச் சொல்லாத மருத்துவர் தையலைச் சரியாகப் போட்டிருந்தாலும் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார்.

இந்தக் கட்டத்தில் பயந்துபோய் "எடுத்துவிடுங்கள்" என்று ஓடுகிறவர்களும் உண்டு. முதல் சில நாட்களில் தையலை வெட்டிவிட்டால், அதுவும் திசுவை வெட்டி எடுக்காத முறையில் செய்திருந்தால், கன்னம் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அந்தக் காலம் தாண்டிவிட்டால் கதை வேறு. பொறுத்திருந்தால் சரியாகிவிடக்கூடிய குழிக்காக அவசரப்பட்டு மறு அறுவைக்குப் போவது ஒரு தவறு. மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகும் சிரிக்காதபோது தெரியும் குழியை, இன்னும் போகும் என்று நம்பிக்கொண்டே இருப்பது இன்னொன்று.

எது வழக்கம், எது ஆபத்து

வாய்க்குள் செய்யும் எந்த வெட்டும் எச்சிலில் வாழும் கிருமிகளுக்குத் திறந்த வாசல். சாதாரண வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். அதற்கு மாறாக, குறையத் தொடங்கிய வலி நான்காம் ஐந்தாம் நாள் மறுபடி ஏறினால், கன்னம் சிவந்து சூடாக இருந்தால், வாயில் கெட்ட சுவையோ காய்ச்சலோ வந்தால், அது தொற்று. அதே நாள் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சீழ் கட்டிவிட்டால் அதைத் திறந்து வெளியேற்ற வேண்டியிருக்கும். அதோடு குழியும் போகலாம், அல்லது கோணலான தழும்பு மிஞ்சலாம். சிகிச்சை முடிந்த சில மணி நேரத்துக்குள் ஒரு கன்னம் மட்டும் வேகமாக இறுகி வீங்கினால், உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். காலை வரை காத்திருக்கக் கூடாது.

இன்னும் இரண்டு விஷயங்கள் கன்னத்துக்குள் இருக்கின்றன, தையல் ஊசி அவற்றுக்கு அருகில்தான் போய் வருகிறது. ஒன்று, காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து வரும் குழாய். மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு நேரே கன்னத்தின் உட்புறம் அது திறக்கிறது. நாக்கால் துழாவினால் சின்ன மேடாகத் தட்டுப்படும். தையல் இதை இறுக்கிவிட்டால், சாப்பிடும் நேரத்தில் காதோரம் வீங்கி வலிக்கும், சாப்பிட்டு முடித்ததும் குறையும். இன்னொன்று, முகநரம்பின் கன்னக் கிளை. அது அடிபட்டால் சிரிக்கும்போது மேலுதடு ஒரு பக்கம் சரியாகத் தூக்காது. மரத்துப்போகும் மருந்தாலும் சில மணி நேரம் இப்படி இருக்கும். மறுநாளும் இருந்தால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். இவை அபூர்வம்தான். ஆனால் உடற்கூறு அறிந்த கை தேவை என்பதற்கு இவையே காரணம்.

நம் தோல் நிறத்துக்கே உரிய ஒரு சங்கடமும் உண்டு. தையல் தோலுக்கு மிக அருகில் கவ்வினால், அந்த இடம் அழற்சியடைந்து கருத்துப்போகலாம். மாநிறத்திலும் கருமையிலும் இந்தக் கருப்பு பல மாதங்கள் தங்கிவிடும். குழியின் நடுவில் ஒரு பொட்டு மாதிரித் தெரியும். வெற்றிலைப் பாக்கோ பான் மசாலாவோ நெடுநாள் மென்றவர்களுக்குக் கன்னத்தின் உட்படலம் நார் போல் இறுகி, வாய் திறப்பதே குறைந்திருக்கும். அந்தக் கன்னத்தில் அழகுக்காகக் கத்தி வைப்பதற்கு முன், அந்த இறுக்கத்தையே முதலில் காட்டி மருத்துவம் பார்க்க வேண்டும். புகைப்பவர்களுக்கும் புண் ஆறுவது தாமதமாகும்.

வருத்தத்தின் பல முகங்கள்

குழி நிலைக்காமல் போனதற்காக வருந்துகிறவர்களுக்குக் கொடுத்த காசு போனது மட்டுமே இழப்பு. அதைவிடப் பெரிய வருத்தம், குழி போகாமல் நிற்பவர்களுடையது. வேண்டியதைவிட ஆழம், அல்லது ஒரு கன்னத்தில் உயரம் மாறியிருக்கிறது, அல்லது எப்போதும் தெரிகிறது. இவற்றுக்கு அப்பால், குழி நன்றாகவே அமைந்தும் வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய வருத்தத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சிரிப்பு ஒருவரின் முகத்தில் எல்லாரும் அடையாளம் கண்டுகொள்ளும் பகுதி. அப்பாவின் சிரிப்பு, பாட்டியின் சிரிப்பு என்று குடும்பம் பேர் வைத்துச் சொல்வது அதைத்தான். அது மாறிய பிறகு கண்ணாடியில் பார்க்கும்போது, அழகாக இருந்தாலும் வேறு யாரோ என்று தோன்றிவிட்டால், அதற்குக் களிம்பு இல்லை. தன் முகத்தில் இல்லாத குறையை இருப்பதாக ஓயாமல் எண்ணித் தவிக்கும் மனநிலை சிலருக்கு உண்டு. அவர்களுக்குக் குழி எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் நிம்மதி வராது, அடுத்த குறை தென்படும். நல்ல மருத்துவர் இதைப் பேச்சிலேயே கண்டுகொண்டு, அறுவையைத் தள்ளிப்போட்டு, மனநல மருத்துவரிடம் அனுப்புவார். ஒரு நாளில் வந்து அதே நாளில் செய்துகொண்டு போகும் இடங்களில் இந்தப் பேச்சுக்கு நேரமே இருப்பதில்லை. அதனால்தான் முதல் சந்திப்புக்கும் சிகிச்சைக்கும் நடுவில் சில வாரங்களாவது இருக்க வேண்டும் என்கிறேன்.

எடுத்துவிட முடியுமா? நூலை மட்டும் எடுப்பது எளிது. மாதங்கள் கழித்து நூலை எடுத்தாலும் குழி போகாது, ஏனென்றால் பிடித்துக்கொண்டிருப்பது நூல் அல்ல. மறுபடி வாய்க்குள் வெட்டி, தசைக்கும் தோலுக்கும் நடுவில் உள்ள தழும்பை அறுத்துப் பிரிக்க வேண்டும். பிரித்து அப்படியே விட்டால், புண் ஆறும்போது இரண்டும் மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ, சில சமயம் கன்னத்தின் உள்ளேயிருந்தோ கொழுப்பை எடுத்து நடுவில் வைப்பார்கள். வைத்த கொழுப்பில் ஒரு பகுதியை உடம்பு கரைத்துவிடும் என்பதால், எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. குழி இருந்த இடம் சமமாகலாம், லேசான மேடாகலாம், மெல்லிய கோடாக மிஞ்சலாம். வைப்பதற்கு அரை மணி நேரம் போதுமாக இருந்த வேலை, எடுக்கும்போது பெரிய வேலையாகிறது. அழகு சிகிச்சை என்பதால் மருத்துவக் காப்பீடும் பொதுவாக இதற்குக் கைகொடுப்பதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் செய்துகொள்ள விரும்பினால் அதில் தவறில்லை. அவருடைய முகம், அவருடைய முடிவு. கேட்க வேண்டியது யார் செய்கிறார் என்பது. பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான பட்டம், அல்லது முகத்தாடை அறுவையில் முதுநிலைப் பட்டம் பெற்றவரா? முடி நடும் சிகிச்சையில் நடந்த விபரீதங்களைத் தொடர்ந்து 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது அழகு சிகிச்சை செய்யப் போதுமான பயிற்சி ஆகாது என்று சொல்லியிருக்கிறது. அழகு நிலையத்தோடு சேர்ந்த கிளினிக்குகளில் இந்தக் கேள்வியைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். அவர் முன்பு செய்தவர்களின் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். பத்தாம் நாள் எடுத்த படம் போதாது. ஆறாம் மாதத்தில், ஓராண்டில் எடுத்தது வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு படம் இருக்க வேண்டும். சிரிக்கும்போது எடுத்தது ஒன்று, சிரிக்காதபோது எடுத்தது ஒன்று. இரண்டாவதில் கன்னம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்கும் படங்களை மட்டும் காட்டுகிறவரிடம் மற்றதையும் கேளுங்கள். இல்லை என்றால் வேறு மருத்துவரைப் பார்க்கலாம்.